ரெஃபரன்ஸ் ட்ராக்கை வைத்து மிக்ஸின் பேஸ், மிட், ட்ரெபிளைச் சரிபார்ப்பது எப்படி?

வீட்டு அறையில் மிக்ஸ் செய்யும்போது காதை முழுவதுமாக நம்ப முடியாது. இரண்டு மணி நேரம் ஒரே பாட்டைக் கேட்டால் காது அதற்குப் பழகிவிடும். மந்தமாக இருப்பதும் இயல்பாகப் படும், கூர்மையாக இருப்பதும் இயல்பாகப் படும். அதோடு சின்ன அறை தன் பங்குக்குச் சில பேஸ் சுரங்களைப் பெருக்கும், சிலவற்றை விழுங்கும். ரெஃபரன்ஸ் ட்ராக் என்பது இதற்கு ஒரு மாற்று ஏற்பாடு. நன்றாக மிக்ஸ் செய்யப்பட்ட ஒரு பாட்டை அதே அறையில், அதே ஸ்பீக்கரில், அதே சத்தத்தில் உங்கள் மிக்ஸோடு மாற்றி மாற்றிக் கேட்கிறீர்கள். அறையின் குறை இரண்டுக்கும் பொது. ஆகவே இரண்டுக்கும் இடையே மிஞ்சுகிற வித்தியாசம் பெரும்பாலும் உங்கள் மிக்ஸில் இருக்கிற வித்தியாசம்தான்.

சமீபத்தில் என் தங்கை பாடிய ஒரு பாட்டை வீட்டில் பதிவு செய்தேன். குரல், அக்கூஸ்டிக் கிட்டார், பேஸ் கிட்டார், ஒரு ஷேக்கர், அவ்வளவுதான். அதில் செய்ததையே படிப்படியாகச் சொல்கிறேன். நான் பயன்படுத்துவது REAPER. வேறு மென்பொருளிலும் இதே வழிதான்.

படி 1: எந்தப் பாட்டை எடுப்பது

பிடித்த பாட்டை எடுக்க வேண்டியதில்லை, அமைப்பு ஒத்த பாட்டை எடுங்கள். பெண் குரலும் கிட்டாரும் உள்ள பதிவுக்குப் பெண் குரலும் கிட்டாரும் உள்ள பாட்டு. முப்பது வயலின் வாசிக்கும் பாட்டை வைத்துக்கொண்டு நான்கு ட்ராக் மிக்ஸை அளக்க முடியாது. சுருதியும் பக்கத்தில் இருந்தால் ரொம்ப நல்லது. பேஸ் கிட்டாரின் திறந்த E கம்பி 41 ஹெர்ட்ஸ், A கம்பி 55 ஹெர்ட்ஸ். சுருதி மாறினால் பேஸின் கனம் விழும் இடமே மாறிவிடும்.

கோப்பு WAV அல்லது FLAC ஆக இருக்கட்டும், அல்லது சிடியிலிருந்து எடுங்கள். யூடியூபிலிருந்து இறக்கிய கோப்பில் சுமார் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளது பெரும்பாலும் வெட்டப்பட்டிருக்கும். அதைப் பார்த்து ட்ரெபிளை முடிவு செய்யக் கூடாது.

படி 2: தனி வழியில் ஓட விடுங்கள்

ஆரம்பத்தில் நிறையப் பேர் தவறுவது இங்கேதான். மாஸ்டர் ட்ராக்கில் கம்ப்ரெசரோ ஈக்யூவோ போட்டிருந்தால், ரெஃபரன்ஸும் அதன் வழியாகப் போய் உருமாறிவிடும். ஏற்கெனவே மாஸ்டரிங் முடிந்த பாட்டு அது, அதன் மேல் எதுவும் படக் கூடாது.

REAPER-இல் இதற்கு எளிய வழி உண்டு. உங்கள் எல்லா ட்ராக்குகளையும் MIX என்ற ஒரு ஃபோல்டர் ட்ராக்குக்குள் போடுங்கள். மொத்த மிக்ஸுக்கான பிளக்-இன்கள் எல்லாம் அந்த MIX-இல் இருக்கட்டும். ரெஃபரன்ஸ் பாட்டை REF என்று ஒரு தனி ட்ராக்கில், ஃபோல்டருக்கு வெளியே வையுங்கள். மாஸ்டரில் அளக்கும் கருவிகள் மட்டும்: சத்தத்துக்கு Youlean Loudness Meter, அலைவரிசையைப் பார்க்க Voxengo SPAN. இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. MIX, REF இரண்டில் ஒன்று எப்போதும் மியூட்டில் இருக்க வேண்டும். ஒன்றை மியூட் செய்து மற்றதைத் திறப்பதுதான் நம் ஒப்பீடு.

படி 3: சத்தத்தைச் சமன் செய்யுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டால் மற்ற படிகளுக்குப் பலனே இல்லை. சத்தம் கூடினால் காதுக்கு பேஸும் ட்ரெபிளும் கூடியது போலவே கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். கடையில் வாங்கிய பாட்டு லிமிட்டர் வழியாக வந்தது, உங்கள் மிக்ஸைவிட மிகச் சத்தமாக இருக்கும். அப்படியே மாற்றிக் கேட்டால் "நம்முடையதில் பேஸும் இல்லை, பளிச்சும் இல்லை" என்று தோன்றும். அது சத்த வித்தியாசம் மட்டுமாகவே இருக்கலாம்.

என் பாட்டின் பல்லவியை மட்டும் ஓட்டி Youlean-இல் Integrated எண்ணைப் பார்த்தேன்: -20.4 LUFS. மீட்டரை ரீசெட் செய்து ரெஃபரன்ஸின் பல்லவியை ஓட்டினேன்: -9.1. வித்தியாசம் 11.3 டெசிபல். REF ஃபேடரை 11.3 டெசிபல் இறக்கினேன். இறக்க வேண்டியது ரெஃபரன்ஸைத்தான். உங்கள் மிக்ஸை ஏற்றினால் உச்சத்தில் கிளிப் ஆகும்.

எண் சமமானதும் ஒரு முறை காதால் திருத்துங்கள். மாற்றி மாற்றிக் கேட்டு, இரண்டிலும் குரல் ஒரே தூரத்தில் நிற்பது போலத் தோன்றும்வரை REF-ஐ அரை டெசிபல், ஒரு டெசிபல் நகர்த்துங்கள். நம் மிக்ஸில் கீழ் மிட் அதிகமாக இருந்தால் அதையும் மீட்டர் சத்தமாகத்தான் எண்ணும், அதனால் குரல் சற்றுப் பின்தங்கியிருக்கும். குரலைச் சமன் செய்துவிட்டால், மற்ற எல்லாம் குரலுக்கு மேலா கீழா என்று கேட்க ஒரு நிலையான புள்ளி கிடைக்கிறது.

படி 4: ஒரே நேரத்தில் ஒரே கேள்வி

பல்லவியைப் பல்லவியோடு ஒப்பிடுங்கள், இடையிசையை இடையிசையோடு. நான்கைந்து விநாடிக்கு ஒரு முறை மாற்றினால் போதும். ஒலியின் நிறம் நினைவில் அதிக நேரம் தங்காது, ஒரு நிமிடம் ரெஃபரன்ஸில் லயித்துவிட்டால் நம்முடையது எப்படி இருந்தது என்பதே மறந்துவிடும்.

மாற்றியதும் முதலில் எது உறுத்துகிறது என்று கவனியுங்கள். எனக்கு உறுத்தியது இது: ரெஃபரன்ஸில் குரலைச் சுற்றிக் காற்றோட்டம் இருந்தது, என் மிக்ஸில் குரல் கம்பளிக்குள்ளிருந்து வந்தது. உடனே கை ட்ரெபிளுக்குத்தான் போகும். MIX-இல் 10,000 ஹெர்ட்ஸுக்கு மேல் 3 டெசிபல் ஏற்றிப் பார்த்தேன். 'ச', 'ஸ' எல்லாம் காதைக் கீறின, கம்பளி அப்படியே இருந்தது. அதாவது குறை மேலே இல்லை.

படி 5: துண்டு துண்டாகக் கேளுங்கள்

குறை எங்கே என்று கண்டுபிடிக்க, மாஸ்டரில் ஒரு ReaEQ போட்டு அதை வடிகட்டியாக மட்டும் பயன்படுத்துங்கள். கேட்டு முடித்ததும் பைபாஸ் செய்துவிட வேண்டும். அதில் Low Pass, High Pass பட்டைகளை இரண்டிரண்டாக அடுக்கினால் வெட்டு செங்குத்தாகும். மூன்று துண்டு போதும்: 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ், 150 முதல் 600 வரை, 5,000-க்கு மேல். ஒவ்வொரு துண்டிலும் MIX, REF இரண்டையும் மாற்றிக் கேளுங்கள்.

150 முதல் 600 வரையிலான துண்டில் விஷயம் பிடிபட்டது. ரெஃபரன்ஸில் அந்த இடத்தில் பெரும்பாலும் குரல்தான் கேட்டது. கிட்டார் ஒவ்வொரு தட்டுக்கும் வந்து உடனே விலகியது, நடுவே இடைவெளி இருந்தது. என்னுடையதில் கிட்டார் 'உம்' என்று நிரம்பியே நின்றது. காரணமும் தெரிந்தது. மைக்கை ஒலித்துளைக்கு நேரே நான்கு அங்குலத்தில் வைத்துப் பதிந்திருந்தேன். கிட்டாரின் உள்காற்று 100 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் மேல்பலகை 200 ஹெர்ட்ஸ் பக்கத்திலும் ஒத்ததிரும். கார்டியாய்டு மைக்கைக் கிட்டத்தில் வைத்தால் கீழ் ஒலிகளை அதுவும் சேர்த்துப் பெருக்கும்.

கிட்டார் ட்ராக்கில் 220 ஹெர்ட்ஸில் 4 டெசிபல் குறைத்தேன், அகலம் ஓர் ஆக்டேவ். 90 ஹெர்ட்ஸில் ஒரு High Pass. குரலில் 250 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் மட்டும். அப்புறம் மாற்றிக் கேட்டபோது குரல் வெளியே வந்திருந்தது. முன்பு ஏற்றிய ட்ரெபிளை அழித்துவிட்டேன், தேவைப்படவில்லை. வெட்டியதால் மொத்தச் சத்தமும் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஆகவே படி 3-ஐ மறுபடி செய்தேன்.

மேல் துண்டில் ஷேக்கர் மட்டும் ரெஃபரன்ஸின் தாளக் கருவிகளைவிடத் தூக்கலாக இருந்தது. ஃபேடரை ஒன்றரை டெசிபல் இறக்கியதும் சரியாகிவிட்டது.

படி 6: பேஸ், அறை, SPAN

என் அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே பத்து அடி, அதாவது 3.05 மீட்டர். ஒலியின் வேகமான 343-ஐ அதன் இரு மடங்கால் வகுத்தால் 56 ஹெர்ட்ஸ் வருகிறது. அந்த இடத்தில் அறை முழங்கும். பேஸ் கிட்டாரின் திறந்த A கம்பி சரியாக அங்கேதான் விழுகிறது. அந்தச் சுரம் வரும்போதெல்லாம் 'கும்' என்றதால் பேஸ் ஃபேடரை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். 150-க்குக் கீழான துண்டைக் கேட்டபோது, ரெஃபரன்ஸின் பேஸும் அதே சுரத்தில் அதே மாதிரி முழங்கியது. அப்படியானால் முழக்கம் அறையுடையது. மற்ற சுரங்களில் என் பேஸ் ரெஃபரன்ஸைவிட மெலிந்திருந்தது.

இந்த மாதிரி இடத்தில்தான் SPAN உதவும், அதற்கு அறை கிடையாது. Slope 4.5 ஆக இருக்கட்டும். அந்தச் சாய்வில் முடிந்த ஒரு பாட்டின் கோடு ஓரளவு சமமாகத் தெரியும். Avg Time-ஐ நீட்டி வைத்தால் கோடு துள்ளாது. பல்லவி முழுவதும் ஓட விட்டுப் பார்த்ததில், 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை என் கோடு ரெஃபரன்ஸைவிட 5 டெசிபல் கீழே. பேஸை 3 டெசிபல் ஏற்றினேன், ஹெட்போனிலும் இரண்டையும் கேட்டேன், பொருந்தியது. மீதி 2 டெசிபலை விட்டுவிட்டேன். அந்தப் பாட்டில் பேஸ் வாசிக்கும் முறை வேறு, அதில் கனம் கொஞ்சம் கூடுதல்.

கோடுகளை ஒன்றன் மேல் ஒன்றாகப் பொருத்த முயலாதீர்கள். வேறு குரல், வேறு சுரம், வேறு வாசிப்பு என்றால் மேடு பள்ளங்கள் வேறாகத்தான் இருக்கும். அகலமான பகுதியில் 3 டெசிபலுக்கு மேல் வித்தியாசம், அதைக் காதும் உறுதி செய்கிறது என்றால் மட்டும் நான் கை வைப்பேன். அதுவும் முதலில் அந்தக் கருவியின் ட்ராக்கில், MIX-இல் அல்ல. ரெஃபரன்ஸின் அடர்த்தியும் சத்தமும் மாஸ்டரிங்கில் வந்தவை, அவற்றை இந்தக் கட்டத்தில் துரத்த வேண்டாம்.

மறுநாள் காலையில் போன் ஸ்பீக்கரிலும் காரிலும் கேட்பதானால், REF-ஐ இறக்கிய அதே அளவில் தனியாக ரெண்டர் செய்து, இரண்டு கோப்புகளையும் கொண்டுபோங்கள். மிக்ஸை ரெண்டர் செய்யும் முன் REF மியூட்டில் இருக்கிறதா, மாஸ்டரில் உள்ள வடிகட்டி ReaEQ பைபாஸில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.