ஸ்டோரி பாயிண்ட் இல்லாமல் முடியும் தேதியைச் சொல்வது எப்படி?

"மொத்தம் 30 டிக்கெட் இருக்கிறது, எப்போது முடியும்?" என்று கேட்டால், பெரும்பாலான டீம்கள் முதலில் பிளானிங் போக்கருக்கு உட்காரும். ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 3, 5, 8 என்று பாயிண்ட் போட்டு, கூட்டி, வெலாசிட்டியால் வகுத்து ஒரு தேதியைச் சொல்லும். எங்கள் டீமில் அதை நிறுத்திவிட்டு டிக்கெட்டுகளை எண்ண மட்டும் செய்கிறோம். 2012 வாக்கில் வூடி ஸுயில் என்ற புரோகிராமர் ட்விட்டரில் #NoEstimates என்று பேசத் தொடங்கியதிலிருந்து இதைப் பற்றி நிறைய விவாதம் நடந்துவிட்டது. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. திங்கட்கிழமை ஆபீஸ் போனதும் என்ன செய்ய வேண்டும் என்பதை மட்டும் எழுதுகிறேன். டிக்கெட் போர்டும் ஒரு ஷீட்டும் போதும்.

முதலில் பழைய கணக்கு

முடிந்துபோன டிக்கெட்டுகளில் கடைசியாக முடிந்த 20-ஐ எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேதிகள் வேண்டும்: ஒருவர் உண்மையாகவே கை வைத்த நாள், பயனருக்குப் போய்ச் சேர்ந்த நாள். ஷீட்டில் B-யில் ஆரம்பம், C-யில் முடிவு, D-யில் இது:

```
=C2-B2+1
```

சனி, ஞாயிறைக் கழிக்காதீர்கள். "எப்போது வரும்" என்று கேட்பவர் காலண்டரைப் பார்த்துத்தான் கேட்கிறார்.

ஒரு மாதிரிக் கணக்கு பார்ப்போம். நாட்களை வரிசைப்படுத்தினால் இப்படி வருகிறது: 1, 1, 1, 2, 2, 2, 2, 3, 3, 3, 3, 4, 4, 4, 5, 5, 6, 8, 11, 14. இருபதில் பதினேழு டிக்கெட்டுகள் 6 நாளுக்குள் முடிந்திருக்கின்றன, அதாவது 85 சதவீதம். ஷீட்டில் `=PERCENTILE(D2:D21, 0.85)` போட்டால் 6.3 காட்டும். 6 என்றே வைத்துக்கொள்ளலாம். இந்த 6 நாள்தான் இந்த டீமின் அளவுகோல்.

அங்கேயே இன்னொன்றும் பாருங்கள். பக்கத்தில் E-யில் அந்த டிக்கெட்டுகளுக்குப் போட்ட பழைய பாயிண்டை எழுதுங்கள். 3 பாயிண்ட் டிக்கெட் ஒன்று 8 நாள் எடுத்திருக்கும், 8 பாயிண்ட் டிக்கெட் ஒன்று 4 நாளில் முடிந்திருக்கும். இப்படி முன்பின்னாக இருந்தால், பாயிண்டை விட்டுவிடுவதால் உங்களுக்கு இழப்பு எதுவும் இல்லை. பாயிண்ட் கூடக்கூட நாளும் ஒழுங்காகக் கூடுகிறதென்றால், உங்கள் டீமுக்குப் பாயிண்ட் வேலை செய்கிறது. அதை மாற்ற வேண்டிய அவசியமில்லை.

எல்லோரும் தடுக்கி விழும் இடம்: அளவாக வெட்டுவது

"எண்ண வேண்டுமென்றால் எல்லா டிக்கெட்டும் ஒரே அளவாக இருக்க வேண்டுமே" என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி நினைத்து வெட்ட ஆரம்பித்தால், பழைய எஸ்டிமேட் கூட்டமே வேறு பெயரில் திரும்பி வரும். ஒரே அளவு தேவையில்லை. மேலே உள்ள பட்டியலிலேயே ஒரு நாளும் இருக்கிறது, 6 நாளும் இருக்கிறது. ஒவ்வொரு டிக்கெட்டையும் எடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்று நமக்குத் தெரிந்த வரையில், இது 6 நாளுக்குள் முடிந்துவிடுமா?" ஆமாம் என்றால் எடுத்துச் செய்யுங்கள். இல்லை என்றாலோ யாராவது இழுத்தாலோ வெட்டுங்கள். எங்களுக்கு இதற்கு ஒரு டிக்கெட்டுக்கு ஓரிரு நிமிடம்தான் ஆகிறது.

எப்படி வெட்டுவது என்பதுதான் விஷயம். ஆன்லைன் கடை ஒன்றில் "வாங்கிய பொருளைத் திருப்பி அனுப்பும் வசதி" வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உடனே கைக்கு வருவது டேட்டாபேஸ் ஒரு டிக்கெட், ஏபிஐ ஒரு டிக்கெட், ஸ்கிரீன் ஒரு டிக்கெட் என்று பிரிப்பது. மூன்றும் தனித்தனியாக 6 நாளுக்குள் முடியலாம். ஆனால் மூன்றாவது முடியும் வரை பயனருக்கு எதுவும் கிடைக்காது. மூன்று "டன்" ஆகியும் வேலை ஒன்றும் ஆகவில்லை. எண்ணிக்கை பொய் சொல்லத் தொடங்குவது இங்கேதான்.

அதையே இப்படி வெட்டலாம். முதல் டிக்கெட்: முன்பே பணம் கட்டிய ஆர்டரை முழுதாகத் திருப்பலாம், ஒப்புதலைக் கஸ்டமர் கேரில் ஒருவர் கையால் தருவார். இரண்டாவது: ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் திருப்பலாம். மூன்றாவது: கேஷ் ஆன் டெலிவரியில் வாங்கியவருக்கு யுபிஐ-யில் பணம் திரும்பும். நான்காவது: பழுதான பொருளின் படத்தை ஏற்றலாம். ஐந்தாவது: கூரியர் பிக்கப் தானாகப் பதிவாகும். ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் டேட்டாபேஸ், கொஞ்சம் ஏபிஐ, கொஞ்சம் ஸ்கிரீன் எல்லாம் இருக்கும். எதோடு நிறுத்தினாலும் அதுவரை முடிந்தது பயன்படும். டிக்கெட் அளவாக இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால், "இது முடிந்ததும் பயனரிடம் எதைக் காட்டுவோம்?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் இல்லையென்றால் குறுக்காக வெட்டிவிட்டீர்கள்.

தேதி சொல்வது

இப்போது வாரத்துக்கு எத்தனை டிக்கெட் முடிந்தது என்று மட்டும் எண்ணுங்கள். கடந்த பத்து வாரம் 4, 6, 3, 5, 0, 7, 4, 5, 2, 6 என்று வைப்போம். சராசரி 4.2. 30-ஐ 4.2-ஆல் வகுத்தால் ஏழு வாரம் சொச்சம். இதை அப்படியே மேனேஜரிடம் சொல்லிவிடாதீர்கள். ஏழு வாரத்தில் முடிய ஏறக்குறைய பாதி வாய்ப்புதான் இருக்கிறது. அதற்குப் பதிலாக, அந்தப் பத்து வாரங்களிலிருந்து குருட்டாம்போக்கில் ஒவ்வொன்றாக எடுத்து, 30 தீரும்வரை கழிக்க வேண்டும். அதைப் பத்தாயிரம் முறை செய்தால் போதும்:

```python
import random
weeks = [4, 6, 3, 5, 0, 7, 4, 5, 2, 6]
tasks = 30
out = []
for _ in range(10000):
    left, n = tasks, 0
    while left > 0:
        left -= random.choice(weeks)
        n += 1
    out.append(n)
out.sort()
print(out[8499])
```

மேலே பார்த்த அதே 85 சதவீத இடத்தில் 9 என்று வரும். எட்டு வாரத்துக்குள் முடிய நான்கில் மூன்று வாய்ப்பு, ஒன்பது வாரத்துக்குள் முடிய பத்தில் ஒன்பது வாய்ப்பு. அந்த 0 வாரத்தைத் "தீபாவளி வாரம்தானே" என்று தூக்கிவிடாதீர்கள். அடுத்த பத்து வாரத்திலும் ஏதாவது ஒரு விடுமுறை வரத்தான் செய்யும். இதற்கென்று காசு கட்டி பிளக்-இன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. இந்தச் சில வரிகளை டீமில் எல்லோரும் படித்துப் புரிந்துகொள்ளலாம், அந்த நம்பிக்கை பெரிது.

அப்புறம், 30 டிக்கெட் 30-ஆகவே நிற்காது. கையில் எடுக்கும்போது சிலதை வெட்டுவீர்கள். முன்பு நான்கு டிக்கெட் கடைசியில் ஐந்தாக முடிந்திருந்தால், `tasks`-இல் 38 போடுங்கள். விடை 11 வாரமாக மாறும். இந்த இரண்டு வாரத்தை ஆரம்பத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

தினமும் காலையில் போர்டில் ஓடிக்கொண்டிருக்கும் டிக்கெட்டுகளின் வயதைப் பாருங்கள். நான்காவது நாளும் ஒன்று அசையாமல் நின்றால், அன்றைக்கே இரண்டு பேர் சேர்ந்து உட்கார்ந்து அதை முடியுங்கள், அல்லது வெட்டுங்கள். ஐந்து பேர் டீமில் ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு திறந்து கிடந்தால் எல்லாவற்றுக்கும் வயது ஏறும், முதல் படியில் கண்ட 6 நாளும் செல்லாது. ஐந்துக்கு மேல் திறக்காதீர்கள்.

சேர்க்கை: பக்-ஐயும் எண்ணலாமா என்று கமெண்டில் பலர் கேட்டிருந்தார்கள். எண்ணுங்கள், ஆனால் இரண்டு பக்கமும் எண்ணுங்கள். பழைய வாரக் கணக்கில் பக் சேர்ந்திருந்தால், இனி வரப்போகும் பக்-களுக்கும் `tasks`-இல் இடம் விட வேண்டும். ஒரு வாசகர், எண்ணிக்கையை மேலிடம் டார்கெட்டாக வைத்ததும் டிக்கெட்டுகள் துண்டு துண்டாகிவிட்டதாக எழுதியிருந்தார். இது நடக்கும். எழுத்துப் பிழை திருத்தமெல்லாம் தனி டிக்கெட்டாக வர ஆரம்பித்தால் அந்த வாரங்களின் கணக்கை வைத்து தேதி சொல்லாதீர்கள், முதலில் டார்கெட்டை எடுக்கச் சொல்லுங்கள்.

எங்கே ஒத்துவராது

டீம் புதிது என்றால் பழைய கணக்கே இருக்காது. ஏழெட்டு வாரம் ஓடவிட்டு அப்புறம் பாருங்கள். பாதிப் பேர் மாறிவிட்டாலும் அதே கதைதான். வேலை தொடங்கும் முன்பே மொத்த விலை சொல்ல வேண்டிய ஒப்பந்தத்திலும் இது உதவாது, ஏனென்றால் வெட்டிப் பார்க்க டிக்கெட்டே இன்னும் இல்லை. உங்கள் டிக்கெட் ஒவ்வொன்றும் வேறொரு டீமின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடக்கிறதென்றால், நீங்கள் அளப்பது அவர்களின் வரிசையை. அப்போது எவ்வளவு சின்னதாக வெட்டினாலும் நாள் குறையாது. D-யில் பெரிய எண்கள் வரும் டிக்கெட்டுகளைத் திறந்து, எத்தனை நாள் வேலை நடந்தது, எத்தனை நாள் சும்மா நின்றது என்று பிரித்து எழுதிப் பாருங்கள். நின்ற நாளே அதிகம் என்றால், அந்த டீமோடு உட்கார்ந்து பேசி முடித்துவிட்டு முதல் படிக்கு வாருங்கள்.