கேள்வியில் வைத்த சொல் பதிலில் வராது: பேட்டிக் கேள்விகளைத் திருத்தி எழுதும் முறை

நாற்பது நிமிடம் பேசிய பேட்டியை எடிட்டிங்கில் திறந்து பார்த்தால் ஒலிப்பதிவில் குறை ஒன்றும் இருக்காது. விருந்தினரும் நன்றாகத்தான் பேசியிருப்பார். ஆனால் எந்தப் பதிலும் தனியாக நிற்காது. "ஆமாங்க, கஷ்டம்தான்", "அது ஒரு நல்ல அனுபவம்", "நீங்க சொன்ன மாதிரிதான்" என்று துண்டு துண்டாக இருக்கும். கேள்வி கேட்டவரின் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் எதுவும் புரியாது. பெரும்பாலும் இந்தக் கோளாறு விருந்தினரிடம் இல்லை, கேள்வித்தாளில் இருக்கிறது. பதிவுக்கு முந்தைய நாள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் சரிசெய்துவிடலாம்.

மாதிரிக்கு ஒரு விருந்தினரை வைத்துக்கொள்வோம். பல வருடமாக ஆம்புலன்ஸ் ஓட்டுபவர். முதல் வரைவில் எல்லாரும் எழுதுகிற நான்கு கேள்விகள்:

1. இந்த வேலை ரொம்பக் கஷ்டமா இருக்கா?
2. நைட் ஷிஃப்ட் எப்படி இருக்கும்?
3. உங்களால மறக்கவே முடியாத சம்பவம் எது?
4. ஏன் இந்த வேலைக்கு வந்தீங்க, வீட்ல என்ன சொன்னாங்க?

இவற்றை ஒவ்வொன்றாகத் திருத்துவோம்.

படி 1: 'ஆ'வில் முடியும் கேள்விகளை வட்டமிடுங்கள்

கேள்வித்தாளை எடுத்து ஒவ்வொரு கேள்வியின் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். இருக்கா, பிடிக்குமா, பயந்தீங்களா என்று 'ஆ'வில் முடிந்தால் வட்டம் போடுங்கள். அதற்கு "ஆமா" அல்லது "இல்ல" போதும். விருந்தினர் கூச்சக்காரராக இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்வார்.

'ஆ'வை எடுத்துவிட்டு "எவ்வளவு கஷ்டம்?" என்று மாற்றினால் மட்டும் கதை வந்துவிடாது. "ரொம்பக் கஷ்டம்" என்றுதான் வரும். 'கஷ்டம்' என்ற முடிவை நீங்களே எடுத்து அவரிடம் நீட்டிவிட்டீர்கள், அவர் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவுதான். அந்தச் சொல்லை அவர் ஒப்புக்கொள்ள வேண்டிய கருத்தாக வைக்காமல், ஒரு நாளைத் தேர்ந்தெடுக்க உதவும் அடையாளமாக வையுங்கள்:

"ஓட்டவே சிரமமா இருந்த ஒரு நாள எடுத்துக்கோங்க. அன்னைக்கு அழைப்பு வந்தப்ப எங்க இருந்தீங்களோ, அதிலிருந்து சொல்லுங்க."

இதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாது. எங்கே தொடங்க வேண்டும் என்றும் அவருக்குத் தெரிந்துவிட்டது. பலர் கதை சொல்லாமல் விடுவதற்குக் காரணம் கதை இல்லாததல்ல, எங்கே தொடங்குவது என்ற தடுமாற்றம்தான்.

படி 2: வினைமுற்றைக் கவனியுங்கள்

"நைட் ஷிஃப்ட் எப்படி இருக்கும்?" என்ற கேள்வி 'ஆ'வில் முடியவில்லை. ஆனாலும் மோசமான கேள்வி. இதற்கு வரும் பதில் இப்படி இருக்கும்: "அழைப்பு வரும், கிளம்புவோம், சில நேரம் தூக்கமே இருக்காது, பழகிடும்." வரும், கிளம்புவோம், இருக்காது, பழகிடும். எல்லாம் வழக்கத்தைச் சொல்லும் வினைகள். கேட்பவர் கண்முன் எந்த இரவும் வராது. நீங்கள் 'இருக்கும்' என்று கேட்டதால் அவரும் 'வரும்' என்று சொல்கிறார். கேள்வியின் காலத்தைத்தான் பதில் பிடித்துக்கொள்கிறது.

கதை வேண்டுமென்றால் கேள்வி இறந்தகாலத்தில், ஒரே ஒரு நிகழ்வைப் பற்றி இருக்க வேண்டும்:

"கடைசியா பார்த்த நைட் ஷிஃப்ட்ல முதல் அழைப்பு வந்த நேரத்துக்குப் போவோம். அப்ப என்ன செஞ்சுட்டு இருந்தீங்க?"

பதிவின்போதும் இதே அளவுகோலைக் காதில் வைத்திருங்கள். விருந்தினர் 'போவோம், வருவோம்' என்று தொடர்ந்து பேசினால் அவர் இன்னும் பொதுவாகத்தான் பேசுகிறார். குறுக்கிடாமல் வாக்கியம் முடியும்வரை விட்டு, "இது கடைசியா எப்ப நடந்துச்சு? அந்த ஒரு தடவைய மட்டும் சொல்லுங்க" என்று கேளுங்கள். 'போனேன், பார்த்தேன்' என்று வினை மாறிய இடத்தில் கதை தொடங்கிவிட்டது. எடிட்டிங்கிலும் அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: 'மறக்கவே முடியாத' எல்லாவற்றையும் அடியுங்கள்

மறக்க முடியாத, மிகப் பெரிய, ரொம்பப் பிடித்த. இப்படிக் கேட்டால் அவர் மொத்த வாழ்க்கையையும் புரட்டி, எல்லாவற்றையும் ஒப்பிட்டு, முதலிடம் எதற்கு என்று தீர்ப்பு சொல்ல வேண்டும். மைக் முன்னால் உட்கார்ந்து அதைச் செய்ய யாராலும் முடியாது. "நிறைய இருக்கு, எதைச் சொல்றது..." என்று இழுத்துவிட்டு, ஏற்கெனவே பல இடத்தில் சொல்லித் தேய்ந்த கதையைச் சொல்வார்.

அதற்குப் பதில் சிறிய கதவு ஒன்றைத் திறந்துவிடுங்கள். முதல் தடவை, கடைசித் தடவை, ஒரு பொருள், ஒரு இடம். "முதல் முதலா நீங்களே சைரன் போட்டு வண்டியக் கிளப்புன நாளச் சொல்லுங்க" என்றால் தேடவே வேண்டாம். அப்படிப்பட்ட நாள் ஒன்றுதான் இருக்கிறது.

படி 4: 'ஏன்' கேள்வியையும் இரட்டைக் கேள்வியையும் உடையுங்கள்

நான்காவது கேள்வியில் இரண்டு கோளாறு. ஒன்று, 'ஏன்' என்று கேட்டால் காரணம் வரும், சம்பவம் வராது. சிலருக்கு அது விசாரணை போலவும் படும். இரண்டு, இரட்டைக் கேள்வியில் பெரும்பாலும் கடைசிப் பாதிக்குத்தான் பதில் வரும். முதல் பாதியை இருவருமே மறந்துவிடுவீர்கள்.

'ஏன்' என்பதை ஒரு தருணமாக மாற்றுங்கள்: "இந்த வேலையில சேரப்போறேன்னு முதல்ல யாருகிட்ட சொன்னீங்க? அந்த இடத்துல இருந்து ஆரம்பிங்க." மீதியைத் துணைக் கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள்: "அவங்க சொன்ன வார்த்தைய அப்படியே சொல்ல முடியுமா?" ஆம், இது 'ஆ'வில்தான் முடிகிறது, ஆனால் காரியம் நடக்கும். யாரும் "முடியும்" என்று சொல்லி நிறுத்துவதில்லை. இன்னொருவர் பேச்சைச் சொல்லும்போது விருந்தினரின் குரல் மாறும், வேகம் மாறும். ஒலிப்பதிவில் அந்த இடம் உயிரோடு இருக்கும்.

படி 5: கேள்வியை வெட்டினாலும் பதில் நிற்க வேண்டும்

எடிட்டிங்கில் அதிகம் அழ வைப்பது இதுதான். தமிழில் எழுவாய் இல்லாமலே வாக்கியம் முழுமையாகிவிடும். நேரில் பேசும்போது அது வசதி, வெட்டும்போது தொல்லை. இதைப் பாருங்கள்.

கேள்வி: "அம்மாகிட்ட சொன்னப்ப என்ன நடந்துச்சு?"
பதில்: "ஒத்துக்கல. ரெண்டு நாள் பேசவே இல்ல. அப்புறம் அவங்களே வந்து, யூனிஃபார்ம குடு, அயர்ன் பண்ணித் தர்றேன்னாங்க."

அருமையான பதில். கேள்வியை வெட்டிவிட்டால் யார் ஒத்துக்கொள்ளவில்லை? எதற்கு? 'அம்மா' என்ற சொல் பதிலில் ஒரு தடவைகூட இல்லை, ஏனென்றால் நீங்கள் சொல்லிவிட்டீர்கள். கேள்வியில் எந்தப் பெயரை வைக்கிறீர்களோ அது பதிலில் காணாமல் போகும், அல்லது 'அவங்க', 'அங்க', 'அது' என்று சுருங்கிவிடும்.

ஆகவே ஒவ்வொரு கேள்வியிலும் உள்ள பெயர், இடம், நேரம் மூன்றையும் அடிக்கோடிடுங்கள். எது பதிலில் வந்தே ஆக வேண்டுமோ அதைக் கேள்வியிலிருந்து எடுத்துவிடுங்கள். 'அம்மாகிட்ட' என்பதை 'முதல்ல யாருகிட்ட' என்று மாற்றினால், "எங்கம்மாகிட்டதான் முதல்ல சொன்னேன், ஒத்துக்கவே இல்ல" என்று அவரே சொல்லித் தொடங்குவார். உங்களுக்கு விடை முன்பே தெரிந்திருந்தாலும் தெரியாதது போலக் கேட்பதில் தவறில்லை.

பதிவுக்கு முன் ஒரே ஒரு தடவை சொல்லுங்கள்: "என் குரல வெட்டிடுவோம். அதனால யாரு, எங்கன்னு சொல்லி ஆரம்பிச்சா நல்லது." திரும்பத் திரும்பச் சொன்னால் பள்ளிப் பிள்ளை போல முழு வாக்கியத்தில் ஒப்பிக்கத் தொடங்கிவிடுவார்.

அப்படியும் பெயர் விட்டுப்போனால் கதையின் நடுவே நிறுத்தாதீர்கள். முடிந்ததும் "யாரு ஒத்துக்கல?" என்று கேளுங்கள். "அம்மா ஒத்துக்கல" என்று வருவதை எடுத்து முன்னால் ஒட்டலாம். ஆனால் பேட்டி முடியும்வரை காத்திருந்து கேட்டால் ஒட்டாது. அதற்குள் குரல் களைத்திருக்கும், மைக்கிலிருந்து அவர் உட்கார்ந்திருக்கும் தூரமும் மாறியிருக்கும். வெட்டு காதில் பளிச்சென்று தெரியும்.

படி 6: வாய்விட்டுப் படித்துக் குறையுங்கள்

திருத்திய கேள்விகளை உரக்கப் படியுங்கள். ஒரே மூச்சில் முடியாத கேள்வி நீளம். முன்னுரையை வெட்டுங்கள். "நீங்க இத்தனை வருஷமா சேவை செஞ்சுட்டு வர்றீங்க, பல உயிர்களைக் காப்பாத்தியிருக்கீங்க" என்று தொடங்கினால் அவர் சொல்ல வேண்டியதை நீங்கள் சொல்லி முடித்துவிட்டீர்கள். அரை மணி நேர நிகழ்ச்சிக்கு இப்படிப்பட்ட கேள்வி ஏழெட்டு போதும். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு துணைக் கேள்விக்கு இடம் விடுங்கள்.

பதிவின்போது

பதில் முடிந்ததாகத் தோன்றியதும் மனதுக்குள் மூன்று எண்ணுங்கள். அந்த இடைவெளியில் பல நேரம் நல்ல வரி ஒன்று வரும். வராவிட்டாலும் வெட்டுவதற்குச் சுத்தமான இடம் கிடைக்கும். 'ம்ம்', 'ஓ', 'அப்படியா' எல்லாவற்றையும் தலையாட்டலாக மாற்றுங்கள். இருவரும் ஒரே அறையில் இருந்தால் தனித்தனி மைக் வைத்தாலும் உங்கள் 'ம்ம்' அவர் மைக்கிலும் விழும்.

இன்னொன்று, முன்கூட்டிப் போனில் பேசும்போது கதையை முழுவதும் வாங்கிவிடாதீர்கள். கதை இருக்கிறது என்று தெரிந்ததும் "இத மைக் முன்னாடி கேக்குறேன்" என்று நிறுத்துங்கள். இல்லையென்றால் பதிவில் "அன்னைக்கு சொன்னேன்ல, அதான்" என்று வரும்.

இந்த முறை எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பொறுப்பில் இருப்பவரிடம் "அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானா?" என்று கேட்க வேண்டிய இடத்தில் 'ஆ' கேள்விதான் சரி. அங்கே கதை கேட்டால் அவருக்குத் தப்பிக்க வழி கிடைக்கும். துயரமான சம்பவம் என்றால், எந்தக் கேள்வியையும் தவிர்க்கலாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். நோயாளியின் பெயர், அடையாளம் வராமல் சொல்லும்படியும் நம் ஓட்டுநரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதிவு முடிந்ததும் ஒவ்வொரு பதிலின் முதல் வாக்கியத்தை மட்டும் தாளில் எழுதுங்கள். கேள்விகளை மறைத்துவிட்டு, பேட்டியைக் கேட்காத ஒருவரிடம் அந்தத் தாளைக் கொடுங்கள். "யாரு?", "எங்க?" என்று அவர் கேட்கும் வரிகளுக்கு எதிரே உள்ள கேள்விகளைத்தான் அடுத்த விருந்தினருக்கு முன் மாற்றி எழுத வேண்டும்.