"டம்ளருக்கு எத்தனை ஸ்பூன்?" – மருந்துக் கடை கவுண்டரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் எங்கள் கடைக்குப் பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி ஒருவர், ஓர் அம்மாவுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த அம்மா கையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட். "இதை ஒரு டம்ளருக்கு எத்தனை ஸ்பூன் போடணும் தம்பி?" என்று கேட்டார். "அப்படியெல்லாம் போடக் கூடாதும்மா. பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கலக்கணும்" என்றார் இவர். அந்த அம்மா தலையாட்டிவிட்டுக் கிளம்பப் பார்த்தார். நான் ஓடிப்போய் நிறுத்தினேன்.

தம்பி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை. இருபது வருடம் முன்பு இதே பதிலை, இதே குரலில் நானும் சொல்லியிருக்கிறேன். அதனால் என்ன ஆனது என்பதைக் கீழே எழுதுகிறேன். மாத்திரை பெயரை மாற்றி வாசிப்பது, காலாவதித் தேதி பார்க்காமல் கொடுப்பது போன்ற தவறுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. அவற்றை எல்லோரும் சொல்லித் தருகிறார்கள். கேள்விக்குள் ஒளிந்திருக்கும் தப்பான நம்பிக்கையை எப்படிக் கையாள்வது என்பதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

கொடுத்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

"ஒன்றரை வயசுக் குழந்தைக்கு பேதி மாத்திரை பாதி கொடுக்கலாமா, கால்வாசி போதுமா?" பெரியவர்கள் பேதியை நிறுத்தப் போடும் லோபரமைடு மாத்திரையைத்தான் கேட்கிறார்கள். கால்வாசி என்று வாயில் வந்துவிடும், ஏனென்றால் கேட்ட இரண்டில் அதுதான் சின்னது. இரண்டு வயதுக்குள் அந்த மாத்திரையே கூடாது. இரண்டுமே வேண்டாம் என்பதுதான் பதில்.

திருத்திவிட்டு அங்கேயே நின்றுவிடுவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம். கோடைக்காலம், சாயங்கால நேரம், கடையில் கூட்டம். ஒரு அக்கா வந்து அதே ஸ்பூன் கேள்வியைக் கேட்டார். "ஸ்பூன் கணக்கு கிடையாதுக்கா, முழு பாக்கெட், ஒரு லிட்டர் தண்ணி" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைப் பார்த்தேன். மறுநாள் இரவு அவருடைய வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். குழந்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா என்று கேட்டேன். "இல்லீங்க. பாப்பா அரை டம்ளர்கூடக் குடிக்க மாட்டேங்குது, ஒரு லிட்டரை எப்படிக் குடிக்கும்? அதான் வேண்டாம்னு வெறும் குளுக்கோஸ் தண்ணி கொடுத்தோம்" என்றார். குழந்தை பிழைத்துக்கொண்டது. ஆனால் அந்தப் பாக்கெட் பிரிக்கப்படாமலே அவர்கள் வீட்டில் கிடந்தது.

அந்த அக்காவின் கேள்வியைப் பிரித்துப் பாருங்கள். வெளியே தெரிவது ஒரு தப்பான நம்பிக்கை: பொடியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கலக்கலாம் என்பது. அதற்குக் கீழே நியாயமான ஒரு கவலை இருக்கிறது: என் குழந்தை கொஞ்சம்தானே குடிக்கும், மீதி வீணாகுமே. நான் மேலே இருந்ததைத் தட்டிவிட்டேன், கீழே இருந்த கவலைக்கு ஒன்றும் சொல்லவில்லை. 'ஒரு லிட்டர்' என்று சொல்லி அதைப் பெரிதாக்கியும் விட்டேன்.

அந்த நம்பிக்கை ஏன் தப்பு என்பது முதலில் நமக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு பெரிய பாக்கெட் 20.5 கிராம். அதில் 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் சாதாரண உப்பு, மீதி பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும். இது ஒரு லிட்டருக்கான அளவு. குளுக்கோஸும் உப்பும் சரியான விகிதத்தில் இருந்தால்தான் குடல் இரண்டையும் சேர்த்து உறிஞ்சும், தண்ணீரும் கூடவே உள்ளே போகும். வெறும் குளுக்கோஸ் தண்ணீரில் உப்பு இல்லாததால் அது இதற்கு ஈடாகாது. இப்போது 200 மில்லி டம்ளரில் கூம்பாக இரண்டு ஸ்பூன் போட்டால் ஏறக்குறைய 10 கிராம் விழும். போட வேண்டியது நான்கு கிராம்தான். இரண்டரை மடங்கு கெட்டியான கரைசல் அது. குழந்தையின் ரத்தத்தில் உப்பு ஏறும், பேதியும் கூடலாம். பயந்துபோய் அரை ஸ்பூன் போட்டால் கரைசல் நீர்த்துப்போய், போன உப்பு திரும்பக் கிடைக்காது. ஒவ்வொரு வீட்டு ஸ்பூனும் ஒவ்வொரு அளவு. போதாததற்குப் பிரித்து வைத்த பொடி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும்.

சரி, போன வாரம் அந்த அம்மாவிடம் என்ன சொன்னேன்? முதலில் இரண்டே இரண்டு கேள்வி கேட்டேன். "குழந்தைக்கு என்ன வயசும்மா? ஒரு தடவைக்கு எவ்வளவு குடிக்குது?" ஒன்றரை வயது, கால் டம்ளர் குடித்தால் பெரிது, காலையிலிருந்து ஐந்து தடவை தண்ணியாகப் போயிருக்கிறது என்றார். அந்தப் பதிலிலேயே அவருடைய கவலை வெளியே வந்துவிட்டது.

"கால் டம்ளர் போதும்மா, அதுதான் சரியான அளவு. இந்த வயசுக்கு ஒவ்வொரு தடவை தண்ணியாப் போன பிறகும் கால் டம்ளர்லேர்ந்து அரை டம்ளர் வரைக்கும் கொடுங்க. அப்படியே குடிக்க வைக்காதீங்க, ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன்னு ஊட்டுங்க. வாந்தி எடுத்தா பத்து நிமிஷம் விட்டு மறுபடி மெதுவா ஆரம்பிங்க." அவர் முகம் தெளிந்தது. அதற்கப்புறம்தான் பொடிக்கு வந்தேன். "பொடியை மட்டும் ஸ்பூன்ல பிரிக்க வேண்டாம்மா, உப்பு கூடக் குறைய ஆயிடும். உங்க குழந்தைக்கு இந்தச் சின்ன பாக்கெட் வசதி. இது 200 மில்லிக்குன்னே வருது. ஒரு பாக்கெட், ஒரு டம்ளர். கலந்ததை மூடி வைங்க, 24 மணி நேரத்துக்குள்ள குடிக்காததைக் கொட்டிடுங்க." அவர் வீட்டு டம்ளர் 200 மில்லிதானா என்று தெரியாது. அதனால் கடையில் இருந்த அளவுக் குவளையைக் காட்டி, வீட்டில் இருக்கும் தண்ணீர் பாட்டிலில் எதுவரை ஊற்றினால் 200 வரும் என்று சொல்லி அனுப்பினேன்.

வரிசையைக் கவனியுங்கள். அவர் தேடி வந்தது முதலில் கிடைத்தது. தப்பான நம்பிக்கை அதற்கடுத்து, காரணத்தோடு ஒரே வாக்கியத்தில் போனது. அதைப் பிடுங்கிய இடத்தில் வேறு வழி ஒன்று வைத்தோம். 'கூடாது' என்பதை மட்டும் கொடுத்தால் அந்த இடம் காலியாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்வதோ, வெறும் குளுக்கோஸ் தண்ணியோ வந்து அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

இன்னொன்று. தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. கவுண்டரில் நிற்பவர்கள் வெட்கப்பட்டும், அவசரத்திலும் தலையாட்டுவார்கள். "வீட்டுக்குப் போய் எப்படிக் கலப்பீங்கன்னு ஒரு தடவை சொல்லுங்கம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு பார்த்துக்கிறேன்" என்று கேட்பேன். பரீட்சை எனக்குத்தான் என்பது போலக் கேட்டால் யாரும் கூச்சப்படுவதில்லை. அந்த அம்மா "சின்ன பாக்கெட்டைப் பாதி..." என்று ஆரம்பித்தார். அந்தப் 'பாதி' அவர் மனதில் இன்னும் இருந்தது. இன்னொரு தடவை சொன்னேன்.

"யார் சொன்னாங்க உங்களுக்கு?"

கேட்கவே கேட்காதீர்கள். சொன்னது பெரும்பாலும் மாமியார், அவர் கடை வாசலிலேயே நிற்பார்.

கேட்ட எண்ணை அப்படியே கொடுப்பது

"இதைக் கொடுத்தா எத்தனை மணி நேரத்துல நிக்கும்?" இந்தக் கேள்வி எண்ணைக் கேட்கிறது, நாமும் ஓர் எண்ணைச் சொல்லிவிடுவோம். "நாளைக்கு நின்னுடும்" என்று ஆறுதலாகச் சொன்னால், நாளைக்கு நிற்காதபோது மருந்து வேலை செய்யவில்லை என்று கரைசலைக் கொட்டிவிடுவார்கள். குழந்தைக்கு அதிகம் தேவைப்படும் நேரத்தில் அது நின்றுபோகும். ஓ.ஆர்.எஸ். பேதியை நிறுத்துகிற மருந்தல்ல. வெளியே போகிற தண்ணீரையும் உப்பையும் திருப்பி உள்ளே வைப்பது அது.

நான் இப்படிச் சொல்கிறேன்: "பேதி நிக்க சில நாள் ஆகலாம்மா, ஒரு வாரத்துக்குள்ள பெரும்பாலும் சரியாயிடும். இது அதுவரைக்கும் உடம்புல தண்ணி வத்தாமப் பார்த்துக்கும். வேலை செய்யுதான்னு பேதியை வச்சுப் பார்க்காதீங்க, குழந்தை வழக்கம்போல ஒண்ணுக்குப் போகுதா, அழுதா கண்ணீர் வருதான்னு பாருங்க. தாய்ப்பால், சாப்பாடு எதையும் நிறுத்த வேண்டாம்." எண்ணையும் சொல்லியாகிவிட்டது, எதைப் பார்த்துக் காத்திருக்க வேண்டும் என்பதையும் மாற்றியாகிவிட்டது. கூடவே ஜிங்க் எழுதிக் கொடுத்திருந்தால், பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும் என்பதையும் இங்கேயே சேர்த்துவிடுவேன். நின்றதும் மருந்தை நிறுத்திவிடலாம் என்பதும் இதே கேள்விக்குள்தான் இருக்கிறது.

எல்லாவற்றையும் திருத்துவது

"ஜிங்க் காலையில கொடுத்தாத்தானே பிடிக்கும்?" காலையிலேயே கொடுக்கட்டும், விடுங்கள். ஒரு சந்திப்பில் ஒன்றைத்தான் மனதில் ஏற்ற முடியும். குழந்தைக்கு ஆபத்தான நம்பிக்கைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆரஞ்சு ஃப்ளேவர் டப்பா ஓ.ஆர்.எஸ். இருக்கா?" என்று கேட்டால் மட்டும் விடாதீர்கள். பெயரில் அந்த மூன்று எழுத்தைப் போட்டுக்கொண்ட இனிப்புப் பானங்கள் பல விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவிட்டது. "பழச்சுவைதான் வேணும்னா பொடியிலேயே வருது, இந்த அட்டையைப் பார்த்து வாங்குங்க" என்று உலக சுகாதார நிறுவனக் கலவை என்று அச்சிட்ட இடத்தை விரலால் தொட்டுக் காட்டுங்கள்.

பதிலே சொல்லக் கூடாத இடத்தில் பதில் சொல்வது

"குழந்தை கண்ணைத் திறக்கவே மாட்டேங்குது, இதை எப்படி ஊட்டுறது?" வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை இந்தக் கேள்வியில் இருக்கிறது. மேலே சொன்ன வரிசை இங்கே மாறும். ஊட்டும் முறையைச் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. மயங்கிக் கிடப்பது, கண் குழி விழுவது, குடிக்க முடியாமல் போவது, ஆறேழு மணி நேரமாக ஒண்ணுக்குப் போகாமல் இருப்பது, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரிதான். "இது ஊட்டுற நிலை இல்லைக்கா, உடனே கிளம்புங்க, வண்டி இல்லைன்னா 108-க்கு நானே போடறேன்" என்று சொல்லிக்கொண்டே போனை எடுங்கள். குழந்தைக்கு நினைவு இருந்து விழுங்கவும் முடிகிறது என்றால் மட்டும், கலந்து வைத்த கரைசலைப் போகும் வழியில் ஸ்பூனால் கொடுத்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். நினைவு இல்லாத குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.