ஒரே அட்ஜஸ்ட்மென்ட் லேயரில் முழு வீடியோவுக்கும் கலர்: எங்கெல்லாம் சொதப்பும்?

ஒரு கல்யாண ஹைலைட்ஸ் வீடியோவை எடுத்துக்கொள்வோம். டைம்லைனில் 80 கிளிப். மண்டபத்துக்குள் இரண்டு மிரர்லெஸ் கேமரா, வெளியே ட்ரோன், மாப்பிள்ளை அழைப்பில் ஃபோனில் எடுத்த நாலு ஷாட். பிரீமியர் ப்ரோவில் File > New > Adjustment Layer கொடுத்து, அதை V2-வில் கடைசி வரை இழுத்துவிட்டு, Lumetri Color, Unsharp Mask இரண்டையும் அதில் போட்டால் கீழே இருக்கும் 80-க்கும் ஒரே லுக் வந்துவிடும். வரும்தான். ஆனால் மேடையில் பெண்ணின் முகம் மஞ்சள் பூசியது போலவும், வாசலில் எடுத்த ஷாட் மட்டும் சரியாகவும் இருக்கும்.

காரணம், லேயருக்குக் கிளிப் என்று ஒன்று தெரியாது. கீழே உள்ள டிராக்குகள் சேர்ந்து கொடுக்கும் முடிந்த படத்தைத்தான் அது வாங்குகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே அளவு மாற்றத்தைச் செய்கிறது. மேடை ஷாட் ஏற்கெனவே மஞ்சளாக இருந்தால், லுக்கில் உள்ள ஆரஞ்சு அதன் மேல் ஏறி உட்காரும். கான்ட்ராஸ்ட் இல்லாமல் வெளிறித் தெரியும் லாக் ப்ரொஃபைலில் எடுத்த கிளிப்பை இயல்பான கலருக்குக் கொண்டுவரும் LUT-ஐ லேயரில் போடுவது இதைவிட மோசம். சாதாரண கலரில் வந்த ஃபோன் ஷாட்டுக்கும் அந்தக் கான்ட்ராஸ்ட் விழுந்து, தலைமுடி கறுப்புக் கட்டியாகவும் வேட்டி வெள்ளைத் தாளாகவும் மாறிவிடும்.

அதனால் LUT, ஒயிட் பேலன்ஸ், எக்ஸ்போஷர் மூன்றும் கிளிப்பிலேயே முடிய வேண்டும். இதற்கு 80 தடவை உட்கார வேண்டாம். ஒரே கேமரா, ஒரே வெளிச்சம் என்று பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு கிளிப்பைச் சரிசெய்து காப்பி செய்யுங்கள். மற்றவற்றைத் தேர்ந்தெடுத்து Paste Attributes கொடுங்கள். பிறகு V2-வின் கண் ஐகானை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். லுக் இல்லாமலே அடுத்தடுத்த ஷாட்டுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போனால்தான் லேயருக்குப் போகலாம்.

ஷார்ப்பனிங்கில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். கிளிப்பைச் சின்னதாக்குவது, பெரிதாக்குவது எல்லாம் முடிந்த பிறகுதான் லேயர் வேலை செய்கிறது. 1080 சீக்வென்ஸில் 50 சதவீதமாகச் சுருக்கிய 4K கிளிப் தானாகவே கூர்மையாக இருக்கும். 140 சதவீதம் பெரிதாக்கிய 1080 கிளிப் மங்கலாக இருக்கும். ஃபோன் வீடியோவை ஃபோனே கூராக்கித்தான் சேமிக்கிறது. மங்கலானதை மனதில் வைத்து Amount-ஐ ஏற்றினால், மற்ற ஷாட்டுகளில் பட்டுப்புடவையின் ஜரிகைக் கரை அசையும்போதெல்லாம் மினுமினுக்கும். குறைந்த வெளிச்சத்தில் எடுத்த ரிசப்ஷன் ஷாட்டில் நாய்ஸ் எறும்பு ஊர்வது போலத் தெரியும்.

கலர் V2-விலும் ஷார்ப்பனிங் V3-யில் இன்னொரு லேயரிலும் இருக்கட்டும். அப்போது நாய்ஸ் ஷாட்டுகளுக்கும் ஃபோன் ஷாட்டுகளுக்கும் மேலே V3-யை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம், கலர் அப்படியே இருக்கும். லுக் அதிகம் என்று லேயரின் Opacity-யைக் குறைத்தாலும் ஷார்ப்பனிங் கூடவே குறையாது. Unsharp Mask-இல் Amount 30 முதல் 40, Radius 1 என்று ஆரம்பிப்பது நல்லது. Lumetri-யின் Creative பகுதியிலும் ஒரு Sharpen இருக்கிறது. அது 0-வில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் இரட்டிப்பு. இரண்டையும் ஒரே லேயரில்தான் வைப்பேன் என்றால் Lumetri மேலே, Unsharp Mask கீழே. மாறினால், கூராக்கிய விளிம்புகளை லுக்கின் கான்ட்ராஸ்ட் இன்னும் தூக்கிக் காட்டும்.

அளவைத் தீர்மானிக்கும்போது ப்ரோகிராம் மானிட்டர் Fit-லும் 1/2-லும் இருந்தால் கண் ஏமாந்துவிடும். 100%, Full வைத்து, வெளிச்சமான சுவருக்கு முன்னால் இருக்கும் தலைமுடியைப் பாருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அளவு மிஞ்சிவிட்டது.

டைட்டிலும் ஸ்டுடியோ லோகோவும் V4-க்குப் போக வேண்டும். கீழே இருந்தால் வெள்ளை எழுத்து பழுப்பேறும். லேயர் கடைசி கிளிப் முடிவதற்கு ஒரு ஃப்ரேம் முன்னாலேயே முடிந்தால் அந்த ஒரு ஃப்ரேமில் படம் சட்டென்று வெளிறிப் பளிச்சிடும். கடைசி வெட்டில் அம்புக்குறி விசையால் நகர்த்திப் பார்த்தால் பிடித்துவிடலாம்.

ரீல்ஸுக்காக அதே வேலையை 1080x1920 சீக்வென்ஸுக்குக் கொண்டுபோகும்போது பழைய லேயரையும் சேர்த்து ஒட்டுவது வழக்கம். அது 1920x1080-இல் பிறந்தது; உயரம் 1080 மட்டும்தான். நடுவில் கலர் இருக்கும், மேலே 420 பிக்சலும் கீழே 420 பிக்சலும் லுக் இல்லாமல் பட்டை பட்டையாக நிற்கும். லுக் மெல்லியதாக இருந்தால் எடிட் மேசையில் இது கண்ணில் படவே படாது, ஃபோனில்தான் தெரியும். ரீல் சீக்வென்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு புது லேயர் உருவாக்கி, பழையதன் எஃபெக்ட்டுகளை அதில் ஒட்டுங்கள்.

லேயரைத் துண்டு துண்டாக வெட்டும் முன் லுக் ஓகே ஆகிவிட்டதா என்று வாடிக்கையாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வெட்டிய ஒவ்வொரு துண்டும் அதன் பிறகு தனித்தனிதான். ஒன்றில் செய்த மாற்றம் மற்றதுக்குப் போகாது.