நெடுநேரம் காக்க வைத்ததாக வந்த புகாருக்குப் பதில் எழுதுவது எப்படி?

புறநோயாளிப் பிரிவில் மணிக்கணக்கில் காக்க வைத்துவிட்டார்கள் என்று ஒரு நோயாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். மருத்துவமனை நிர்வாக அலுவலர் என்ற முறையில் பதில் எழுத வேண்டியவர் நீங்கள். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வருகிறவர்கள் நேரே கடிதம் எழுத உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது கையில் தகவல் ஏதும் இருக்காது, அதனால் பதிலில் வருத்தம் மட்டும்தான் இருக்கும். முதலில் அந்த நோயாளியின் அன்றைய காலைப்பொழுதை நிமிடக் கணக்கில் எழுதி எடுங்கள். பதிலின் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

விளக்குவதற்காக ஒரு புகாரை எடுத்துக்கொள்வோம்:

"10 மணிக்கு அப்பாயின்ட்மென்ட். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மூட்டு வலியோடு இரண்டு முறை எழுந்துபோய்க் கேட்டேன். 'கூப்பிடுவாங்க, உட்காருங்க' என்றார்கள். எனக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் உள்ளே போனார்கள்."

படி 1: புகாரைப் பிரித்துப் படியுங்கள்

இதில் மூன்று புகார்கள் இருக்கின்றன: தாமதம், கவுன்டரில் கிடைத்த பதில், வரிசை மீறப்பட்டது என்ற எண்ணம். பெரும்பாலான பதில்கள் முதலாவதோடு நின்றுவிடும். மற்ற இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அவர் மறுபடி எழுதுவார். ஒவ்வொன்றுக்கும் ஓரத்தில் எண் போட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருந்தபோது மயக்கம் வந்தது, சர்க்கரை இறங்கியது, மாத்திரை வேளை தவறியது என்று ஏதாவது எழுதியிருந்தால் அது வெறும் தாமதப் புகார் அல்ல. அன்றே மருத்துவ மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள். மற்றபடி, இரண்டு மூன்று வேலை நாட்களுக்குள் "கடிதம் கிடைத்தது, விசாரிக்கிறோம், இந்தத் தேதிக்குள் பதில் வரும்" என்று ஒரு சிறு குறிப்பு போக வேண்டும். புகார் எழுதியவர் நோயாளியின் உறவினர் என்றால், நோயாளியின் சம்மதத்தை எழுத்தில் வாங்கிய பிறகே விவரங்களைச் சொல்லலாம்.

படி 2: நேரக் கணக்கு எடுங்கள்

டோக்கன் கொடுத்த நேரம், எடையும் ரத்த அழுத்தமும் பார்த்த நேரம், மருத்துவர் முதல் நோயாளியை அழைத்த நேரம், புகார்தாரர் உள்ளே போன நேரம் ஆகியவற்றைப் பதிவேட்டிலிருந்தோ கணினியிலிருந்தோ எடுங்கள். ஆட்களிடம் நினைவிலிருந்து கேட்டு எழுதாதீர்கள். "அரை மணி நேரம்தான் லேட் சார்" என்பார்கள், பதிவேடு வேறு சொல்லும்.

நம் உதாரணத்தில் டோக்கன் 9:05-க்கு. உள்ளே போனது 11:54-க்கு. ஆக, அவர் காத்திருந்தது 2 மணி 49 நிமிடம். மருத்துவமனை 10 மணியிலிருந்து கணக்குப் போட்டால் 114 நிமிடம்தான். "நீங்கள் சீக்கிரமே வந்துவிட்டீர்கள்" என்று இந்த இடத்தில் வாதாடத் தோன்றும். அதைச் செய்யாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவர்தான். இரண்டு நேரங்களையும் உள்ளபடி எழுதினால் போதும்.

அடுத்து, அந்த 114 நிமிடம் எங்கே போனது என்று பாருங்கள். 9:30-க்குத் தொடங்க வேண்டிய மருத்துவர் 10:25-க்குத்தான் தொடங்கினார்: 55 நிமிடம். இவருக்கு முன்னால் 6 பேருக்கு ஆளுக்கு 5 நிமிடம் என்று நேரம் கொடுத்திருந்தார்கள், ஆனால் சராசரியாக 9 நிமிடம் ஆயிற்று. 30 நிமிடத்தில் முடிய வேண்டியது 54 ஆனதால் இன்னொரு 24 நிமிடம். நடுவே ரிப்போர்ட் காட்ட மட்டும் 7 பேர் உள்ளே போனார்கள், ஆளுக்கு 5 நிமிடம் வீதம் 35. மூன்றையும் கூட்டினால் 114 சரியாக வருகிறது. கூட்டுத்தொகை இடித்தால் ஏதோ ஒரு காரணம் இன்னும் உங்களுக்குத் தெரியவில்லை என்று பொருள், திரும்பத் தேடுங்கள்.

கவனியுங்கள், மருத்துவர் சரியாக 9:30-க்கே தொடங்கியிருந்தாலும் இவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் காத்திருந்திருப்பார். எல்லாப் பழியையும் "டாக்டர் வார்டில் இருந்தார்" என்பதில் போட்டுவிட்டால் மீதிப் பிழை அப்படியே இருக்கும். பின்னால் வந்தவர்கள் முன்னால் போனதற்கான விடையும் அந்த 7 பேரில்தான் இருக்கிறது.

படி 3: மாற்றத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

5 நிமிட இடைவெளியை 10 ஆக்கினால், அரை மணிக்கு 6 பேருக்குப் பதில் 3 பேரைத்தான் பதிவு செய்ய முடியும். மற்றவர்களுக்கு வேறு நேரமோ வேறு நாளோ கொடுக்க வேண்டும். இதற்கு மருத்துவரும் பதிவுப் பிரிவும் ஒப்புக்கொண்ட பிறகே கடிதத்தில் எழுதலாம். ரிப்போர்ட் காட்டுகிறவர்களை 12 மணிக்கு மேல் தனியாக வரச் சொல்வது எளிது. 7 பேருக்கு 35 நிமிடம், 12:40-க்குள் முடிந்துவிடும்.

"இனி இப்படி நடக்கவே நடக்காது" என்று எழுதக் கூடாது. வார்டில் ஒருவருக்கு நிலைமை மோசமானால் மருத்துவர் அங்கே போகத்தான் வேண்டும். "அடுத்த முறை உங்களை முதலில் அனுப்புகிறோம்" என்பதும் வேண்டாம். அன்று வரிசையில் இருக்கும் இன்னொருவருடைய புகாராக அது மாறும்.

படி 4: கடிதம்

"மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்து, அன்றைய பதிவுகளைப் பார்த்தேன். 9:05-க்கு வந்த உங்களை 11:54-க்குத்தான் மருத்துவரிடம் அனுப்பினோம். மூட்டு வலியோடு அவ்வளவு நேரம் உங்களை உட்கார வைத்ததற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

வார்டில் ஒருவருக்கு உடனடிச் சிகிச்சை தேவைப்பட்டதால் மருத்துவர் 55 நிமிடம் தாமதமாகத் தொடங்கினார். அதை உங்களுக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் இரண்டு முறை கேட்டும் சொல்லவில்லை; அது எங்கள் தவறு. உங்களுக்குப் பின் வந்து முன்னால் சென்றவர்கள் ரிப்போர்ட் காட்ட வந்தவர்கள். அவர்களை இடையில் அனுப்பியதும், ஒவ்வொருவருக்கும் 5 நிமிடம் மட்டும் ஒதுக்கியதும் தாமதத்தைக் கூட்டின.

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து ஒவ்வொருவருக்கும் 10 நிமிடம் ஒதுக்குகிறோம். ரிப்போர்ட் காட்டுகிறவர்கள் 12 மணிக்கு மேல் வருவார்கள். மருத்துவர் வர 15 நிமிடத்துக்கு மேல் தாமதமானால் கவுன்டரிலிருந்தே அறிவிப்பார்கள்.

மேலும் பேச விரும்பினால் கீழே உள்ள எண்ணில் என்னையே அழைக்கலாம்."

கீழே உங்கள் பெயர், பதவி, நேரடி எண். 'நிர்வாகம்' என்று மட்டும் கையெழுத்திட்டால் யாரிடம் பேசுவது என்று அவருக்குத் தெரியாது.

படி 5: அனுப்புமுன்

'இருந்தால்' என்ற சொல்லைத் தேடுங்கள். "சிரமம் ஏற்பட்டிருந்தால் வருந்துகிறோம்" என்றால் அவர் சொன்னதை நம்பவில்லை என்றாகிறது. "தவிர்க்க முடியாத காரணங்களால்" என்ற தொடர் இருந்தால் எடுத்துவிட்டுக் காரணத்தையே எழுதுங்கள். வார்டில் இருந்தவரின் நோயோ பெயரோ எங்கும் வரக் கூடாது. மருத்துவர் வார்டில் இருந்தார் என்ற காரணத்தை வார்டு பதிவேட்டில் சரிபார்க்காமல் விடாதீர்கள். மருத்துவர் வேறு எதற்காகவோ தாமதித்திருந்தால் இந்தக் கடிதமே பொய்யாகிவிடும்.

கடிதத்தின் நகலைப் புகார்க் கோப்பில் வையுங்கள், நோயாளியின் சிகிச்சைக் கோப்பில் வைக்காதீர்கள். அடுத்த முறை அவரைப் பார்க்கும் மருத்துவர் சிகிச்சைக் குறிப்பைப் புரட்டும்போது 'புகார் கொடுத்தவர்' என்ற எண்ணத்தோடு அவரைப் பார்க்க நேரக் கூடாது.