பட்டியல் பில்லோடு பொருந்திவிட்டதா? இன்னொரு முறை பாருங்கள்: கல்லூரி மின் தணிக்கையில் நடக்கும் தவறுகள்

சுற்றுச்சூழல் அறிவியல் புராஜெக்டுக்காகக் கல்லூரியில் மின் தணிக்கை செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் தொடங்குகிறார்கள். ஒவ்வோர் அறையாகப் போய் மின்விசிறி, விளக்கு, ஏசி, கணினி எல்லாவற்றையும் எண்ணுகிறார்கள். வாட் அளவை நேரத்தாலும் நாட்களாலும் பெருக்கிக் கூட்டுகிறார்கள். வந்த தொகை மின் பில்லுக்குப் பக்கத்தில் இருந்தால் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை தருவது அந்த இடம்தான்.

ஒரு கல்லூரியை உதாரணமாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயர் அழுத்த இணைப்பு, விடுதியும் அதே மீட்டரில். மாதத்துக்கு 22 வேலை நாள், நாளுக்கு 7 மணி நேரம், அதாவது 154 மணி. 75 வாட் மின்விசிறி 600 இருந்தால் 6,930 யூனிட். 20 வாட் எல்இடி குழல்விளக்கு 800, அதற்கு 2,464. ஒன்றரை டன் ஏசி 40, ஒவ்வொன்றும் 1.5 கிலோவாட், ஆக 9,240. கணினி 300, பெட்டியின் பின்னால் 300 வாட் என்று ஒட்டியிருக்கிறது, அது 13,860. மொத்தம் 32,494 யூனிட். பில்லில் இருப்பது 31,000. ஐந்து சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசம், நல்ல கணக்கு போலத்தான் தெரிகிறது.

ஆனால் இதில் இரண்டு பெரிய தவறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டிருக்கின்றன. கணினியின் பின்னால் எழுதியிருக்கும் 300 வாட், அந்த மின்வழங்கிப் பெட்டி அதிகபட்சமாகத் தரக்கூடிய அளவு. சாதாரண அலுவலகக் கணினி மானிட்டரோடு சேர்த்து எடுப்பது 70 வாட் அளவுதான். பிளக்கில் செருகும் சிறிய மின் அளவி ஒன்றை இரண்டு மூன்று கணினிகளில் மாட்டிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். அப்படிப் போட்டால் 13,860 என்பது 3,234 ஆகிறது. ஏசியும் அப்படித்தான். அறை குளிர்ந்த பிறகு கம்ப்ரசர் நின்று நின்று ஓடும், இன்வெர்ட்டர் வகை என்றால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சராசரியாக 60 சதவீதம் என்று வைத்தால் 5,544 யூனிட். திருத்திய மொத்தம் 18,172 தான். பில்லுக்கு இன்னும் 12,828 யூனிட் மிச்சம் இருக்கிறது.

அது எங்கே போனது? பட்டியலில் ஏறாமல் விட்ட பொருட்களிடம்தான், அதுதான் இரண்டாவது தவறு. தண்ணீர் மோட்டார், விடுதியின் இரவு நேர விசிறி, சர்வர் அறை, யூபிஎஸ், கேன்டீன் ஃப்ரிட்ஜ், ஆய்வகத்து ஃப்ரீசர், வளாகத் தெருவிளக்கு. வகுப்பு நேரத்தில் நோட்டோடு சுற்றினால் இவற்றில் பாதி கண்ணில் படாது.

இதைப் பிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஒரு முறை, திங்கள் காலை ஆறு மணிக்கு ஒரு முறை பிரதான மீட்டரைப் படியுங்கள். கல்லூரி எலக்ட்ரீஷியனோடு போய்த் திரையை மட்டும் பாருங்கள், எதையும் தொடக் கூடாது. அது 11,000 வோல்ட் இணைப்பு. திரையில் எண் 0.40 மட்டும் நகர்ந்திருக்கலாம். 'ஒரு நாளுக்கு அரை யூனிட் கூட இல்லை, மீட்டர் பழுது' என்று விட்டுவிடாதீர்கள். உயர் அழுத்த மீட்டர்கள் மின்னோட்டத்தையும் மின்னழுத்தத்தையும் மின்மாற்றிகள் வழியாகக் குறைத்துத்தான் அளக்கின்றன. அதனால் திரையில் வருவதைப் பில்லில் எம்.எஃப். என்று அச்சிட்டிருக்கும் பெருக்கல் எண்ணால் பெருக்க வேண்டும். 11,000 வோல்ட்டை 110 ஆகவும், 50 ஆம்பியரை 5 ஆகவும் குறைத்திருந்தால் 100 பெருக்கல் 10, அதாவது 1,000. ஆக அந்த 0.40 என்பது 400 யூனிட்.

வகுப்பே நடக்காத நாளில் 400 யூனிட் என்றால் முப்பது நாளுக்கு 12,000. இதைச் சேர்த்தால் 30,172 வருகிறது. இப்போதும் பில்லுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஆனால் இந்த முறை காரணத்தோடு இருக்கிறது. இதிலும் ஒரு குறை உண்டு. ஞாயிறு பகலில் விடுதி அறைகளில் ஆள் இருப்பார்கள், வேலை நாளில் இருக்க மாட்டார்கள். அதனால் 12,000 கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம். முடிந்தால் வேலை நாள் ஒன்றின் இரவு பத்து மணி முதல் காலை ஆறு வரையும் எடுத்து ஒப்பிடுங்கள். இந்தத் திருத்தம் புராஜெக்டின் முடிவையே மாற்றிவிடும். முதல் கணக்கின்படி கணினிதான் முதல் குற்றவாளி. இரண்டாவது கணக்கின்படி, மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் யாரும் கவனிக்காத அடிப்படைச் சுமை.

மாதக் கணக்கைப் பன்னிரண்டால் பெருக்கி ஆண்டுக் கணக்காக்குவதையும் விட்டுவிடுங்கள். மே மாத விடுமுறையும் தேர்வுக் காலமும் வேறு மாதிரி. பன்னிரண்டு பில்களையும் கேட்டு வாங்குவதே சரி.

அப்புறம், யூனிட்டை உமிழ்வாக மாற்றும் இடம். இந்தியாவுக்கான எண்ணை மத்திய மின்சார ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2023-24 ஆண்டுக்கு யூனிட்டுக்கு 0.727 கிலோ கார்பன் டை ஆக்சைடு. 31,000 யூனிட்டுக்கு 22,537 கிலோ, அதாவது ஏறக்குறைய 22.5 டன். ஆனால் பல பழைய அறிக்கைகளில் 0.82 என்ற எண்ணே திரும்பத் திரும்ப வருகிறது. அது பத்தாண்டுக்கு முந்தைய எண். அதை வைத்தால் இதே பில் 25,420 கிலோ காட்டும். சீனியர்கள் 0.82 வைத்துப் போட்டதோடு உங்கள் 0.727 கணக்கை ஒப்பிட்டால், ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே 11 சதவீதம் குறைந்ததுபோல் தெரியும். ஆண்டுகளை ஒப்பிடும்போது யூனிட்டையும் தனி வரிசையில் காட்டுங்கள். அதே ஆவணத்தில் மார்ஜின் என்ற பெயரோடு வேறு எண்களும் இருக்கும். அவை புதிய திட்டம் ஒன்று எவ்வளவு உமிழ்வைத் தவிர்க்கும் என்று கணிக்கப் பயன்படுபவை. நமக்கு வேண்டியது சராசரி மட்டும்.

கூரையில் சோலார் இருந்தால் இன்னொரு குழப்பம் வரும். இதே கல்லூரியில் பேனல்கள் மாதம் 6,000 யூனிட் தருகின்றன, அதில் 1,000 வெளியே போகிறது, மின்வாரியத்திடமிருந்து உள்ளே வருவது 26,000 என்று வைத்துக்கொள்வோம். உண்மையான பயன்பாடு 26,000 கூட்டல் 6,000 கழித்தல் 1,000, அதாவது 31,000. அறை அறையாக எடுத்த பட்டியலை இதோடுதான் ஒப்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அளவுக்கும் இதே கூட்டல் கழித்தல் உண்டு. உமிழ்வுக்கோ உள்ளே வந்த 26,000 மட்டும் போதும்: 18,902 கிலோ. பலர் 26,000-இலிருந்து 6,000-ஐ மறுபடி கழித்து 14,540 கிலோ என்று எழுதுகிறார்கள். சோலாரால் வந்த குறைவு அந்த 26,000-இல் ஏற்கெனவே அடங்கிவிட்டது. வெளியே அனுப்பிய 1,000-ஐத் தனி வரியாகக் குறிப்பிடுங்கள், கழிக்க வேண்டாம்.

ஜெனரேட்டரை யூனிட்டால் அல்ல, டீசலால் கணக்கிடுங்கள். லிட்டருக்கு 2.68 கிலோ. 200 லிட்டர் எரிந்தால் 536 கிலோ. லிட்டருக்கு மூன்று, மூன்றரை யூனிட் கிடைக்கும் என்பதால், அந்த 600 முதல் 700 யூனிட் உங்கள் பட்டியலில் இருக்கும், பில்லில் இருக்காது. பட்டியல் மொத்தத்தை 0.727-ஆல் பெருக்கிவிட்டு டீசலையும் சேர்த்தால் ஒரே மின்சாரத்தை இரண்டு முறை எண்ணியதாகிவிடும். டீசல் வாங்கிய ரசீதும் போதாது. மாதத் தொடக்கத்தில் டேங்கில் இருந்ததைக் கூட்டி, மாத இறுதியில் மீந்ததைக் கழித்தால்தான் எரிந்தது எவ்வளவு என்று தெரியும். கல்லூரிப் பேருந்துக்கும் அதே பேரலிலிருந்து டீசல் போகிறதா என்று ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.