பழைய பித்தளைப் பொருளுக்கு வயது எழுதும்போது நேரும் தவறுகள்

கருத்துப்போன பித்தளையைப் பார்த்ததும் "நூறு வருஷப் பழசு" என்று எழுதிவிடுவதுதான் முதல் தவறு. அம்மோனியா ஆவி பட்டால் புதுப் பித்தளையும் சீக்கிரமே கருத்துவிடும். அதனால் நிறத்தைப் பார்க்காதீர்கள், தேய்மானம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பல காலம் புழங்கிய பொருளில் பிடியும் மூடியின் விளிம்பும் மழுங்கி வழவழப்பாக இருக்கும், அழுக்கு செதுக்கல்களின் குழிகளில் தங்கியிருக்கும். கையே படாத இடத்தில் தேய்மானம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். இதெல்லாம் புழக்கத்துக்குத்தான் சாட்சி. எந்த ஆண்டு செய்தது என்பதை இது சொல்லாது.

ஒரு கீல் வைத்த பித்தளைப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். "தாத்தா காலத்தது, 1900க்கு முந்தையது" என்கிறார் விற்பவர். கீலைத் திறந்தால் நான்கும் ஸ்டார் ஸ்குரூ. அந்த வகை ஸ்குரூ 1930களின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே இரண்டில் ஒன்று: பெட்டியே அதற்குப் பிந்தையது, அல்லது கீலையோ ஸ்குரூவை மட்டுமோ பிறகு மாற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் அடைத்த பழைய துளைகளோ, வேறு அளவுக் கீல் பதிந்திருந்த தடமோ தெரிந்தால் கீலை மாற்றியது உறுதி. ஆனாலும் அது 1900ஐ நிரூபிக்காது. ஒரு தடமும் இல்லையென்றால் 1900 என்ற பேச்சையே எடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது தவறு, கேள்விப்பட்டதையும் கண்டதையும் ஒரே வாக்கியத்தில் கலப்பது. நான் இப்படிப் பிரித்து எழுதுவேன்: "ஆண்டு முத்திரை இல்லை. குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இருப்பதாக உரிமையாளர் சொல்கிறார், ஆவணம் இல்லை. கீலில் ஸ்டார் ஸ்குரூ, அருகே அடைத்த பழைய துளைகள். மூடியின் இடது மூலையில் ஒடுக்கு, அடியில் ஈயப் பற்று." நூறாண்டு தாண்டியதைத்தான் பொதுவாக ஆன்டிக் என்பார்கள். காட்ட ஆதாரமில்லாத இந்தப் பெட்டிக்கு அந்தச் சொல் வேண்டாம்.

தேய்மானத்தை "பழமைக்குரிய அழகு" என்று பூசி மெழுகுவது மூன்றாவது. பச்சைக் களிம்பு பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அதைச் சுத்தம் செய்யலாம். இளஞ்சிவப்புத் திட்டுகள் வேறு சங்கதி. உலோகத்திலிருந்து துத்தநாகம் கரைந்து போய்ச் செம்பு மட்டும் மிஞ்சிய இடம் அப்படித் தெரியும். அங்கே உலோகம் துளைத்துளையாகி வலுவிழந்திருக்கும், பாலிஷ் போட்டாலும் பழையபடி ஆகாது. தண்ணீர் ஊற்றி வைக்கும் பாத்திரமென்றால் கசியவும் கூடும். ஆகவே திட்டு எங்கே, எவ்வளவு பெரிது என்று எழுதி, அதன் அருகே ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். பாலிஷ் போடுமுன் எடுங்கள். போட்டபின் செதுக்கல் குழிகளில் தங்கியிருந்த அழுக்கு போய்விடும், புழக்கத்துக்குச் சாட்சியாகக் காட்ட இருந்ததில் பாதி அதோடு போய்விடும்.